நெலிதாம்மா விட்ட ஒரு கையெழுத்து

மருந்தாளர் நெலிதா போர்தோனிடம் பத்தொன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அதில் பதினெட்டு வருடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எங்கள் பரானா ஆற்றங்கரை ஊரில் இருக்கும் மூன்று மருந்துக்கடைகளில் எங்களுடையதுதான் மெதுவான கடை. வரிசையில் நிற்கிறவர்கள் மாத்தே டீ குடித்து முடித்து, அடுத்த குடுவையும் ஆரம்பித்துவிடுவார்கள். நெலிதாம்மா அசையமாட்டார்.

"சீட்டுல பேரைப் படி. வயசைப் படி. மருந்தைப் படி, அளவைப் படி. இப்போ பெட்டிய எடு. ஒண்ண முடிச்சிட்டுத்தான் அடுத்ததைத் தொடணும், சுலேமா!"

இதை நான் தூக்கத்திலும் சொல்லுவேன். பெட்டியின் ஓரத்தில் இருக்கும் பார்கோடு துண்டை வெட்டி, சீட்டில் அந்த மருந்தின் வரிக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். எப்படிச் சாப்பிடுவது என்ற லேபிளை இரண்டாக அச்சடித்து, ஒன்றைப் பெட்டியிலும் இன்னொன்றைச் சீட்டில் அதே துண்டுக்குக் கீழேயும் ஒட்ட வேண்டும். பிறகு இன்னொருவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கையெழுத்து விழாமல் பெட்டி கவுன்டரைத் தாண்டக் கூடாது. இந்தச் சட்டம் நெலிதாம்மா போட்டது.

தப்பு எழுதும் சிவப்பு நோட்டும் அவர் வைத்ததுதான். அதில் ஆள் பெயருக்குக் கட்டமே கிடையாது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்வது, இவ்வளவுதான். பெயர் இல்லாவிட்டால் என்ன? அதிலிருந்த முப்பத்தோரு தப்பும் என் கையெழுத்திலேயே இருந்தன! நெலிதாம்மாவின் எழுத்தில் ஒரு வரி கூடக் கிடையாது. எனக்கு வயிறு எரியாமல் இருக்குமா?

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு இன்சுலின் வந்தது. நான் பின்கட்டில் பெட்டியைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தேன். முன்னால் எலாதியோ பெரெய்ரா வந்திருந்தார். தீவில் தேனீ வளர்க்கிறவர். மூட்டுவாதத்தில் விரலெல்லாம் வீங்கியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் கரைக்கு வருவார். அவர் தீவில் செல்போன் சிக்னல் கிடையாது.

"சீக்கிரம் குடுங்கம்மா, பன்னெண்டுக்குப் படகு. விட்டா அடுத்த செவ்வாய்தான்!"

எனக்கு எல்லாம் கேட்டது. இரண்டாவது கையெழுத்துக்கு நெலிதாம்மா கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை.

நான் முன்னால் வந்தபோது எலாதியோ போய்விட்டிருந்தார். சீட்டு கவுன்டரில் கிடந்தது. அதில் ஒரே ஒரு கையெழுத்து.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை! "நெலிதாம்மா, ரெண்டாவது கையெழுத்து எங்க போச்சு? கால் மொளச்சு ஓடிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே சீட்டைப் புரட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போடு, போடு. அவசரம்னு குடுத்துட்டேன்."

பேனாவை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. மெத்தோட்ரெக்சேட்டின் பார்கோடு துண்டுக்குக் கீழே, 'தினமும் ஒன்று, திங்கள் தவிர' என்று ஒட்டியிருந்தது. ஃபோலிக் அமிலத்தின் துண்டுக்குக் கீழே, 'திங்கட்கிழமை மட்டும், நான்கு'.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடுகிற மருந்து. அதற்காகவே தனி அலமாரியில், சிவப்புப் பட்டை ஒட்டி வைத்திருக்கிறோம். தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்தம் ஊறுவது நின்றுபோகும், சில வாரங்களில் ஆளே போய்விடுவார். ஃபோலிக் அமிலம் அதன் கெடுதலைத் தணிக்கத் தருவது. நெலிதாம்மா இரண்டு லேபிளையும் ஒன்றாக அச்சடித்து மாற்றி ஒட்டிவிட்டார்! எலாதியோவோ மூன்று மாதத்துக்குத் திரும்பமாட்டார்.

சீட்டை நெலிதாம்மா பக்கம் திருப்பினேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"மணி என்ன?"

"பதினொண்ணு நாப்பத்தெட்டு."

எலாதியோவின் செல்போனுக்கு அடித்தோம். அணைத்து வைத்திருந்தார், மகராசன். படகுத்துறை அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை.

"மோட்டார் சைக்கிள எடு, சுலேமா!"

மருந்தாளர் இல்லாமல் கடை திறந்திருக்கக் கூடாது. வரிசையில் நின்ற ஐந்து பேரையும் வெளியே தள்ளி ஷட்டரை இழுத்தேன். பின்னாலிருந்து நெலிதாம்மாவின் கத்தல்: "இன்சுலின் ஃபிரிட்ஜுக்குள்ள போச்சா?"

"போச்சு! அஞ்சு டிகிரி! எழுதியாச்சு! ஏறுங்கம்மா!"

அறுபது வயது, முட்டிவலி, தொண்ணூறு கிலோ. என் சின்ன வண்டி முனகியது. வெள்ளைக் கோட்டு பட்டமாகப் பறக்க, ஒரு கையால் என் இடுப்பையும் மறு கையால் சீட்டையும் புதிதாக அச்சடித்த லேபிள்களையும் பிடித்துக்கொண்டு வந்தார். சதுக்கத்தில் சிவப்பு விளக்கு. "போ, போ!" என்றார். சட்டம் சட்டம் என்று உயிரை வாங்கிய நெலிதாம்மா! எனக்குப் பயத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

துறைக்குப் போனபோது கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு கஜம் தண்ணீர்.

"எலாதியோ! முழுங்காத! முழுங்காத!" அந்தக் குரல் எதிர்க்கரையில் மேய்ந்த மாடுகளுக்கே கேட்டிருக்கும்.

படகோட்டி திகைத்து இன்ஜினை அணைத்தான். எலாதியோ பின்பலகையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் தண்ணீர் பாட்டில். மறு உள்ளங்கையில் ஒரு சின்ன மாத்திரை.

படகு திரும்பி வந்து கரையை உரசியது. நெலிதாம்மா கையை நீட்டி அந்த மாத்திரையை வாங்கிக்கொண்டார். பெட்டிகளையும் வாங்கினார். படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். முதல் பெட்டியைச் சீட்டோடு ஒப்பிட்டு, பழைய லேபிளை உரித்து, புதியதை ஒட்டி, என்னிடம் நீட்டினார். நான் படித்துக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் இரண்டாவது பெட்டியைத் தொட்டார். படகிலிருந்த பதினைந்து பேரும் கத்தினார்கள். நெலிதாம்மா அசையவில்லை.

"தப்பு பண்ணிட்டேன், எலாதியோ. லேபிளை மாத்தி ஒட்டிட்டேன். இன்னிக்கு எதாவது முழுங்கினியா?"

"இல்லம்மா, இதுதான் மொதல்." எலாதியோ தலையைச் சொறிந்தார். "எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. இந்தச் சின்னது எப்பவும் திங்கக்கிழமைதானேன்னு. ஆனா ஒட்டினது நெலிதாம்மாவாச்சே, அவங்க தப்பு பண்ணமாட்டாங்கன்னுதான் வாய்க்குக் கொண்டு போனேன்."

திரும்பும்போது என் முதுகுக்குப் பின்னால் நெலிதாம்மா அழுகிற சத்தம் கேட்டது. வண்டியை மெதுவாக ஓட்டினேன். அவரைக் கிண்டல் செய்யச் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

கடையைத் திறந்ததும், டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். பிறகு சிவப்பு நோட்டை எடுத்தார். முப்பத்திரண்டாவது வரி. என்ன நடந்தது என்று எழுதினார். ஏன் என்ற கட்டத்தில், 'இரண்டு லேபிளையும் ஒன்றாக அச்சடித்தேன். இரண்டாம் ஆளைக் கூப்பிடவில்லை' என்று எழுதி நிறுத்தினார். பிறகு இன்னொன்றையும் சேர்த்தார்: 'நான் தப்பு செய்யமாட்டேன் என்று நோயாளி நம்பினார். நானும் நம்பினேன்.' பெயருக்குக் கட்டம் இல்லாத நோட்டில், ஓரத்தில் முழுப்பெயரையும் எழுதினார்.

இப்போது எங்கள் கடை முன்பைவிட மெதுவு. பெட்டியைக் கொடுத்துவிட்டு, "எப்படிச் சாப்பிடுவீங்க, நீங்க சொல்லுங்க" என்று ஒவ்வொருவரையும் கேட்கிறார். சந்தேகம் வந்தால் எங்களையே கேள்வி கேட்கச் சொல்கிறார்.

மூன்று மாதம் கழித்து எலாதியோ வந்தார். கையில் ஒரு தேன் ஜாடி. நெலிதாம்மா பெட்டிகளை நீட்டினார். எலாதியோ வாங்கவில்லை. கண்ணைச் சுருக்கிச் சீட்டைப் பார்த்தார்.

"இன்னொரு கையெழுத்து எங்கம்மா?"

வெளியே படகின் சங்கு ஊதியது. நெலிதாம்மா அவசரப்படாமல் பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்: "சுலேமா, வா. என்னைச் சரிபாரு."