சலூனுக்கு வந்த டிவி

என் தம்பி சலூன் வைத்திருக்கிறான். எதிர்க்கடையில் டிவி வந்ததும் வாடிக்கைக்காரர்கள் அங்கே போய்விட்டார்கள். இவனும் ஆன்லைனில் ஒன்று வாங்கக் கிளம்பி எங்கள் உயிரை எடுத்தான். ஓரத்து நாற்காலிக்கும் நிறம் மங்காத ஐபிஎஸ் பேனல், ஓடும் பந்து இழுபடாமல் தெரிய நூற்றிருபது ஹெர்ட்ஸ், டிரையர் இரைச்சலை மீறிக் கேட்க முப்பது வாட்ஸ் ஒலி. சுவர் பிராக்கெட்டின் துளைகள் டிவிக்குப் பொருந்துமா என்றுகூடப் பார்த்தான்.

முன்சுவர் முழுக்கக் கண்ணாடி என்பதால் பின்சுவரில் மாட்டினான். முதல் ஆட்டத்திலேயே நாற்காலிக்காரர் கண்ணாடியைப் பார்த்து, “ஏம்ப்பா, ஸ்கோரெல்லாம் இடம் வலமா மாறித் தெரியுதே!” என்றார்.

“ஆண்டவா, இவனுக்கு நல்ல புத்தி குடு!” என்றேன்.

“வேண்டினது போதும்க்கா, நாற்காலியைப் பிடி.”

இப்போது எல்லாரும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஆட்டம் பார்க்கிறார்கள். தலையில் என்ன நடக்கிறதென்று எழுந்த பிறகுதான் தெரிகிறது. ஆனாலும் கூட்டம் குறையவில்லை.