ஒன்பது சொற்களுக்கு மூன்று நாள்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் அடைப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். மொழிபெயர்க்கும்போது புரியாத இடம் வந்தால் ஒரு சதுர அடைப்புக்குறி போட்டு, உள்ளே "எழுதியவர் சொல்லவில்லை" என்று எழுதிவிடுவார். பெயர் அதனால் வந்தது என்பது அவருடைய கட்சி. அவர் மேசைக்குப் போன தாள் எதுவும் சுலபத்தில் வெளியே வராது, அதனால் வந்தது என்பது முதலாளியின் கட்சி.

அலுவலகம் என்று பெருமையாகச் சொல்கிறேன். நகல் எடுக்கும் கடைக்கு மேலே ஒரு அறை, மூன்று மேசை, மழை வந்தால் மூட வராத ஒரு ஜன்னல். பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், விசாரணைக்கான வாக்குமூலம் எனத் தமிழில் வருவதை அரசு அலுவலக மொழிக்கு மாற்றி முத்திரை குத்திக் கொடுப்போம்.

அக்கா பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவர். இங்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் மருந்துக் கடையில் நின்றவர். டாக்டர் சீட்டில் கையெழுத்து புரியாவிட்டால் போன் செய்து கேட்கவேண்டும், யூகித்து எடுத்துக் கொடுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தை அவர் கடையிலேயே விட்டுவிட்டு வரவில்லை. வீட்டிலும் அதே கதை. பஸ் ஓட்டுநரான அவர் கணவர் ஒருமுறை எங்கள் மாடிப்படியில் நின்று என்னிடம் புலம்பினார்: "சாயங்காலம் சீக்கிரம் வரேன்னு சொன்னேன் தம்பி. சீக்கிரம்னா எப்பன்னு மூணு தடவ போன். ஒரு பொய்கூட நிம்மதியா சொல்ல முடியல."

நான் நேர் எதிர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பிலிருந்தே வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். "தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது" என்று இருந்தால் "கொஞ்சம் லேட்டாகும்னு போட்டிருக்காங்கப்பா" என்பேன். அப்பா நிம்மதியாகத் தூங்குவார். அதை நான் அன்பு என்று நினைத்தேன். பிறகு அதையே தொழிலாகச் செய்யச் சம்பளமும் கிடைத்தது. ஓட்டை உடைசலான வாக்கியத்தை வாங்கி மொழுமொழுவென்று ஆக்கிக் கொடுப்பேன். முதலாளிக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்.

அந்தத் தாள் முதலில் என்னிடம்தான் வந்தது. முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு பெரியவர் கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அப்போது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் வேற்றுமொழிப் பெண். வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, தமிழ் படித்ததும் அதே எட்டு மாதம்தான். அவளுடைய மொழிக்கு விசாரணை அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் ஆளே இல்லை. ஆகவே தினசரிப் பதிவேட்டில் அவள் தன் கையால் எழுதிய தமிழ்தான் அவளுடைய வாக்குமூலம். பெரியவரைத் தனியே விட்டுவிட்டு அறையைவிட்டுப் போனாள் என்று தீர்மானமானால் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். பெயர் போனால் அவளும் ஊர் போய்ச் சேரவேண்டியதுதான்.

எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"மதியம் தாத்தா தண்ணி. நான் கதவு. பிறகு தாத்தா கீழே இருக்கு."

ஒன்பது சொற்கள். இல்லத்து மேலாளர் கூடவே ஒரு விளக்கம் இணைத்திருந்தார்: பெரியவர் தண்ணீர் கேட்டிருக்கிறார், இவள் கொடுக்காமல் கதவைத் திறந்துகொண்டு போயிருக்கிறாள். பெரியவரின் மகனும் ஒன்று எழுதியிருந்தார்: தரையில் தண்ணீர் கொட்டிக்கிடந்திருக்கிறது, துடைக்க ஆளில்லை, அப்பா வழுக்கி விழுந்தார். ஆக, அந்த ஒன்பது சொற்களில் அவரவருக்கு வேண்டியது இருந்தது.

எனக்கும் இருந்தது. எனக்கு அந்தப் பெண்மேல் இரக்கம். பத்து நிமிடத்தில் முடித்தேன்: "மதியம் பெரியவருக்கு நான் தண்ணீர் கொடுத்தேன். அப்போது யாரோ கதவைத் தட்டியதால் திறக்கச் சென்றேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கீழே விழுந்துகிடந்தார்." என் கண்ணே பட்டுவிடும்போல் இருந்தது.

சரிபார்க்க அக்காவிடம் போனது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"இந்த 'யாரோ' யாருப்பா?"

"யாரோதான்க்கா. கதவுகிட்ட வேற எதுக்குப் போவா?"

"அது எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?"

"பாவம்க்கா, வேலை போயிடும்."

"நீ தட்டவெச்ச ஆளு, இல்லத்துல வந்துபோறவங்க பேரெழுதற புத்தகத்துல இல்லன்னா? அன்னிக்கு மதியம் யாருமே வரலன்னு மேலாளர் நாளைக்கே நீட்டுவாரு. அப்புறம் அவ தாத்தாவ விட்டதோட பொய்யும் சொன்னவ ஆயிடுவா. பொய் உன்னோடது, பேரு அவளோடது."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. இருந்தாலும் பட்டதாரி இல்லையா, சும்மா விடுவேனா? "அப்ப ஒன்பது சொல்லையும் அப்படியே தூக்கிப் போட்டா யாருக்கு என்ன புரியும்?" என்றேன்.

"அப்படியே போடச் சொன்னேனா? என்ன சொல்ல வந்தான்னு மொதல்ல பாப்போம்."

பதிவேட்டின் பழைய பக்கங்களை வரவழைத்தார். எட்டு மாதப் பக்கங்கள். அதிலேயே அரை நாள் போனது. "தாத்தா சோறு." "தாத்தா மாத்திரை." "தாத்தா தண்ணி." பக்கத்திலேயே நர்சு நிரப்பும் அட்டவணை இருந்தது, எத்தனை மணிக்கு என்ன உள்ளே போனது என்று. அக்கா இரண்டையும் விரலால் ஒட்டிப் பார்த்தார். அவள் "தாத்தா தண்ணி" என்று எழுதிய பத்தொன்பது இடங்களிலும் அதே நேரத்தில் தண்ணீர் குடித்ததாக நர்சு குறித்திருந்தார். விழுந்த அன்று மதியமும்தான். ஆக, கொடுத்தால்தான் அப்படி எழுதுவாள். மேலாளரின் கதையிலும் மகனின் கதையிலும் பாதி அங்கேயே கழன்றது.

"பாத்தீங்களா, நான் எழுதினது சரிதானே!" என்றேன்.

"மூணுல ஒண்ணு சரி. அதுவும் தெரிஞ்சு எழுதல."

"நான் கதவு" என்பதோ எட்டு மாதத்தில் வேறெங்கும் இல்லை. அக்கா விசாரணை அதிகாரிக்குப் போன் போட்டு, எழுதியவரையே கேட்க அனுமதி வாங்கினார். அதற்கு ஒரு நாள். முதலாளி மேசைக்கு மேசை நடந்தார். "ஒன்பது வார்த்தைம்மா! ஒரு புத்தகமே முடிச்சிருக்கலாம்!"

மூன்றாம் நாள் அவள் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்: "யாராவது கதவைத் தட்டினாங்களா?"

"ஆமா அண்ணா."

நான் அக்காவை வெற்றியோடு பார்த்தேன். அக்கா அதே குரலில் கேட்டார்: "நீங்க வெளிய போயிட்டீங்களா?"

"ஆமா அக்கா."

"அன்னிக்கு ரூமுக்குள்ள மழை பெஞ்சுதா?"

அவள் ஒரு நொடி யோசித்தாள். "ஆமா அக்கா."

நான் தரையைப் பார்த்தேன். பயந்தவளிடம் ஆமாவா என்று கேட்டால் ஆமாதான் கிடைக்கும். என் அப்பாவும் அரசு அலுவலகங்களில் அப்படித்தான் தலையாட்டிவிட்டு வருவார்.

அக்கா எழுந்து இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டார். "இது கட்டில். அது கதவு. அன்னிக்கு என்ன நடந்துச்சு, செஞ்சு காட்டுங்க. பேச வேணாம்." பிறகு கையைக் கட்டிக்கொண்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றார்.

அவள் இல்லாத டம்ளரை இல்லாத வாயருகே கொண்டுபோனாள். உடனே தானே தாத்தாவாகி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மறுபடி தானாகி, கட்டிலுக்கு மேலே சுவரில் எதையோ கட்டை விரலால் அழுத்தினாள். ஒரு தடவை, இரண்டு, மூன்று. உதட்டைப் பிதுக்கினாள். ஓடிப்போய் எங்கள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை அறைக்குள்ளேயே வைத்தபடி, வெளியே பார்த்துக் கத்துவதுபோல் வாயைத் திறந்தாள். திரும்பினாள். நாற்காலிக்குக் கீழே கையைக் காட்டினாள்.

"விழுந்தத பாத்தீங்களா?" என்று நான் கேட்கப்போக, அக்கா என் காலை மிதித்தார். "கதவுகிட்ட நிக்கறப்ப கண்ணு எங்க இருந்துச்சு?" என்று அவர் கேட்டார்.

அவள் வெளியே விரலை நீட்டினாள். தலை குனிந்தது. "தாத்தா பாக்கல" என்றாள்.

அவளுக்குச் சாதகமில்லாத அந்த இரண்டு சொற்களையும் அக்கா அப்படியே குறித்துக்கொண்டார்.

"சுவத்துல அழுத்தினது ஆளக் கூப்பிடற பெல்லுதான்க்கா. வேலை செய்யல. எழுதுங்க!" என்றேன். எனக்குக் கை பரபரத்தது.

"அவ சொன்னாளா?"

"அதான் காட்டினாளே!"

"எதையோ அழுத்தினத காட்டினா." அக்கா ஒரு வெள்ளைத் தாளை அவள்முன் வைத்தார். "அது என்னன்னு வரைங்க."

அவள் வரைந்தாள். கட்டில், தலைக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு வட்டம். அந்தப் பொருளின் பெயர் அவளுக்குத் தமிழில் தெரியவில்லை.

அக்கா அனுப்பிய மொழிபெயர்ப்பைப்போல் அழகில்லாத ஒன்றை நான் பார்த்ததில்லை. "மதியம் பெரியவருக்குத் தண்ணீர் [கொடுத்தேன்: பழைய பதிவுகளில் இவர் எழுதும் முறையை வைத்து]. நான் கதவு [என்ன செய்தார் என்பதை எழுதியவர் சொல்லவில்லை]. பிறகு பெரியவர் கீழே இருக்கிறார்." தனித்தாளில், தேதி போட்டு, அவள் செய்து காட்டியவை வரிசையாக. "கட்டிலுக்கு மேலே சுவரில் உள்ள ஒன்றை மூன்று முறை அழுத்தினார். அதன் பெயரைச் சொல்லவில்லை. படம் இணைப்பு." அதன் கீழே, தாத்தாவைப் பார்க்கவில்லை என்று அவள் சொன்னதும்.

பெல் வேலை செய்யவில்லை என்று நான் எழுதியிருந்தால், எல்லாக் கருவிகளும் சரியாக உள்ளன என்று எழுதிய பராமரிப்புப் பதிவேட்டை மேலாளர் காட்டியிருப்பார், தாளுக்குத் தாள் சரியாகப் போயிருக்கும். எங்கள் தாளில் குற்றச்சாட்டே இல்லை, ஒரு படம் மட்டும்தான் இருந்தது. அது என்ன என்று அதிகாரிக்கே குழப்பம். குழப்பம் தாங்காமல் முன்னறிவிப்பின்றி இல்லத்துக்குப் போய், படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த வட்டத்தை அவரே அழுத்தியிருக்கிறார். யாரும் வரவில்லை. கடைசியில் அவரும் கதவுக்குப் போய்த்தான் கூப்பிடவேண்டியிருந்ததாம்.

மாதக் கடைசியில் எங்கள் முதலாளி இரண்டு தாள் கொடுத்தார். எனக்கு வேகத்துக்காகப் பாராட்டு, அக்காவுக்குத் தாமதத்துக்காக விளக்கம் கேட்டுக் கடிதம். அக்கா அதைப் படித்துவிட்டு, "'இனி இவ்வாறு'ன்னு போட்டிருக்கீங்க, எவ்வாறு?" என்று கேட்டார். முதலாளி தன் மேசைக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தாள். அக்கா விடுப்பில் இருந்தார். விசாரணை அலுவலகத்துக் கடிதம் அவள் கையில் இருந்தது, அரசு அலுவலக மொழியில், எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல். "அண்ணா, என்ன?" என்றாள்.

படித்தேன். "தற்போதைக்குப் பணியில் தொடர அனுமதிக்கப்படுகிறார்." அவ்வளவுதான். "ஒண்ணும் பிரச்சனை இல்ல, எல்லாம் முடிஞ்சிடுச்சு" என்ற வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப வேலை செய்யலாம்னு போட்டிருக்கு" என்றேன். "எவ்வளவு நாளுன்னு போடல."

"எவ்வளவு நாள்?"

"தெரியலம்மா. இரு, கேக்கறேன்." கடிதத் தலைப்பில் இருந்த எண்ணைச் சுழற்றினேன். மறுமுனையில் எடுத்தவர் கொட்டாவி விட்டபடி, "தற்போதைக்குன்னா தற்போதைக்குத்தான் சார், இதுல புரியாம என்ன இருக்கு?" என்றார். எத்தனை நாள், எழுத்தில் தரமுடியுமா என்று கேட்டேன். காத்திருக்கச் சொன்னார். அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தேன்.