இணைப்பு: மனைவியின் கடிதம்

கடலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. திரும்பியதும் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். எங்கள் அலுவலகத்தில் இதற்கு எல்லோரும் வயிற்றுப்போக்கு என்றுதான் எழுதுவார்கள். எனக்கு அந்தப் பொய்யைக் கண்டாலே எரிச்சல்.

"மனைவி சண்டை போட்டுக்கொண்டு சிதம்பரத்திலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். சமாதானம் செய்து அழைத்துவர நான்கு நாள் ஆகிவிட்டது. தகவல் சொல்லாதது என் தவறு. அந்த நாட்களை ஈட்டிய விடுப்பாக முறைப்படுத்த வேண்டுகிறேன்" என்று உள்ளதை எழுதினேன்.

கண்காணிப்பாளர் இரண்டு முறை படித்தார். "எல்லாம் சரி, இணைப்பு எங்கய்யா? மத்தவங்க டாக்டர் சர்டிபிகேட் வெக்கிறாங்க இல்ல?"

இணைப்பு இல்லாத விளக்கக் கடிதத்தை அவர் மேலே அனுப்பியதே கிடையாது. வீட்டில் சொன்னதும் மனைவி உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்: "மேற்படி சண்டை உண்மை. தவறு அவருடையது."

அதையும் கோர்த்துக் கண்காணிப்பாளர் மேலே அனுப்பினார். நான்கு நாட்களும் ஈட்டிய விடுப்பாக முறைப்படுத்தப்பட்டன. ஆணையின் கடைசி வரி, இனி முன் அனுமதி பெற்றே விடுப்பில் செல்ல வேண்டும் என்று எச்சரித்தது.

வீட்டில் மனைவி அந்த ஆணையை வாங்கிப் படித்தாள்.

"அப்ப அடுத்த சண்டைக்கு இப்பவே லீவு லெட்டர் குடுத்துடுங்க."