சிவப்பில் நின்ற பன்னிரண்டரை மில்லியன்

எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவளுக்குக் கமா அக்கா என்று பெயர் வைத்தவன் நான்தான். வெளிநாட்டுக்குப் போகும் இன்வாய்ஸ்களை ஆங்கிலத்தில் மாற்றுவது அவள் வேலை. 1,25,00,000 என்று வந்தால் 12,500,000 என்று கமாவை நகர்த்துவாள். பணம் ரூபாயாகவே இருக்கும், எழுதும் முறை மட்டும் மாறும். "கமா நகர்த்துறதுக்கு ஒரு சம்பளமா?" என்று சீண்டுவேன். "உன்னை மாதிரி பக்கத்துக்குக் கட்டம் போடுறவனுக்கே குடுக்குறாங்களே" என்பாள். பக்க வடிவமைப்புதான் என் வேலை.

அந்த வாரம் அக்கா நல்ல குஷியில் இருந்தாள். திங்கட்கிழமை அவளைத் தலைமைச் சரிபார்ப்பாளர் ஆக்கப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஏழு வருடமாகக் காத்திருந்த பதவி அது.

வெள்ளிக்கிழமை காலை பம்பு தயாரிக்கும் கம்பெனியிலிருந்து நாற்பது இன்வாய்ஸ் வந்தன. நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். முதல் பக்கத்தின் அடியில் 'மொத்தம்: 3.4 கோடி ரூபாய்' என்றிருந்தது. ஒருமுறை ஏற்றுக்கொண்ட வரியை எங்கள் மென்பொருள் நினைவில் வைத்திருக்கும், அடுத்த முறை எண்ணை மட்டும் மாற்றி நீட்டும். அது நீட்டியது: 3.4 மில்லியன்.

ஒரு கோடி என்றால் பத்து மில்லியன். 34 மில்லியன் என்று வர வேண்டும். அக்கா கையால் 34 என்று அடித்தாள். உடனே சிவப்புக் கோடு விழுந்தது. மூலத்திலும் மொழிபெயர்ப்பிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்பதைத்தான் மென்பொருளின் சோதனை பார்க்கும். 3.4 என்று விட்டால் பச்சை. தப்புக்குப் பச்சை, சரிக்குச் சிவப்பு!

"எந்தப் புண்ணியவான்டா இதை நினைவுல ஏத்தினான்?" என்று பழைய பதிவைத் திறந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முந்தைய பதிவு, அதே கம்பெனியின் 1.25 கோடி இன்வாய்ஸ். சேமித்தவர் பெயர் அக்காவுடையது. மகளுக்குக் காய்ச்சல் என்று அரைநாள் லீவு போட்டு ஓடிய நாள் அது. முதலில் 12.5 என்று அடித்ததும் பதிவில் இருந்தது. சிவப்பைப் பார்த்ததும், கிளம்பும் அவசரத்தில் 1.25 ஆக்கிப் பச்சையாக்கிவிட்டாள்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் எழுந்து நேராக முதலாளி அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"சார், இந்த நாப்பதையும் நான் திருத்திடுறேன். ஆனா பழசு ஒண்ணு தப்பாப் போயிருக்கு. மேல கட்டத்துல 12,500,000, கீழ 1.25 மில்லியன். அவங்களுக்கு உடனே சொல்லணும்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "சாப்ட்வேர் தப்புன்னு சொல்லிடலாம்மா. திங்கக்கிழமை உங்க விஷயம் வேற இருக்கு."

"சாப்ட்வேர் கேட்டுது சார். சரின்னு அழுத்தினது நான்தானே."

அவரே எண்ணைச் சுழற்றி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவள் பக்கம் தள்ளினார். பம்பு கம்பெனிக்காரர் எடுத்தார். அக்கா நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் குரல் உயர்ந்தது.

"ஆறு வாரமாம்மா! அந்தப் பணம் வரலைன்னு ஆறு வாரமா அந்த வெளிநாட்டுக்காரனைத் திட்டிக்கிட்டிருக்கேன். கணக்கு பொருந்தலைன்னு அவன் எழுதினான். ஏமாத்துறான்னு நெனச்சேன். இங்க முப்பது பேருக்குப் பாதிச் சம்பளம்தான் குடுத்தேன், தெரியுமா?"

"தெரியாது சார். தப்பு என்னுது. இன்னும் பத்து நிமிஷத்துல திருத்தினது உங்ககிட்ட இருக்கும்."

ஆறாவது நிமிடத்தில் அனுப்பிவிட்டாள். பிறகு கழிவறைக்குப் போனாள், முகம் கழுவிக்கொண்டு சிவந்த கண்ணோடு வந்தாள். நினைவிலிருந்த அந்த வரியை அழித்தாள். நாற்பது இன்வாய்ஸின் மொத்தத்தையும் கையால் அடித்தாள், ஒவ்வொரு சிவப்புக்கும் எதிரே 'சரிபார்த்தேன்' என்று தன் பெயரைப் போட்டாள். சாப்பாட்டுப் பையைத் தொடவே இல்லை. மூன்றே முக்காலுக்கு முடிந்தது.

திங்கட்கிழமை பதவி வேறொருவருக்குப் போனது. முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமல்தான் அறிவித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பத்து நாள் கழித்துப் பம்பு கம்பெனியிலிருந்து அடுத்த கட்டு வந்தது. கூடவே இரண்டு வரி: 'பழைய பணம் வந்துவிட்டது. சம்பள பாக்கியைக் கொடுத்துவிட்டோம்.' அக்கா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு முதல் இன்வாய்ஸைத் திறந்தாள். 2.4 கோடி. 24 மில்லியன் என்று அடித்தாள். சிவப்பு விழுந்தது.

"அக்கா, சிவப்பு" என்றேன், பழைய வாய்க்கொழுப்பில்.

"இருக்கட்டும்டா" என்று தன் பெயரைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.