முதல் வகுப்பு நோட்டுக்கு நாலு கோடு

ஒடுகத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் அச்சகம் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரே ஒரு கலர் மட்டும் அடிக்கிற ஆஃப்செட் மிஷின், ஒரு முதலாளி, நான். கல்யாணப் பத்திரிகை, ரசீது புத்தகம், கறிக்கடை நோட்டீஸ் எல்லாம் நான்தான் டிசைன் செய்வேன். பத்தாவதோடு படிப்பை விட்டவன் டிசைன் செய்ததைப் படித்தவர்கள் எல்லாம் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

போன மே மாதம் எதிர்க்கடை அக்கா வந்தார். பேனா, பென்சில், நோட்டு விற்கிற சின்னக் கடை அவருடையது. மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் நடத்துகிற விடுதிப் பள்ளிக்கு வருஷா வருஷம் நோட்டு கொடுக்கிறவர். வேலூரிலிருந்து மொத்தமாக வாங்கி, ஜீப்பில் ஏற்றி அனுப்புவார்.

"தம்பி, இந்த வருஷம் ஒண்ணாங்கிளாஸுக்கு நம்மளே நோட்டு போடலாமா? கடை நோட்டுல கோடு நெருக்கமா கீதாம். புள்ளைங்க எழுதற எழுத்து கோட்டத் தாண்டிடுதுன்னு சிஸ்டர் சொல்றாங்க. நல்லா வந்தா அடுத்த வருஷம் எல்லா கிளாஸும் எனக்குத்தான். இல்லாங்காட்டி வேலூருக்கே போய்டுவாங்களாம்."

"நோட்டா அக்கா? அட்டையில உங்க போட்டோவ போட்டுடலாமா?"

"போட்டா புள்ளைங்க பயந்துக்கும். பலாமரம் போடு. பெருசா ஒண்ணுன்னு நம்பர் போடு. படிக்கத் தெரியாத புள்ளைங்க அத பாத்துத்தான் எடுக்கும்."

அட்டையை நான் மூன்று நாள் நோண்டினேன். பழம் அடிமரத்தில் காய்த்திருக்க வேண்டும் என்றார் அக்கா, நான் உச்சியில் தொங்கவிட்டிருந்தேன். "பலா எங்கடா அங்க காய்க்கும்? அமிர்தி காட்டுக்குப் போயி பாரு" என்று திட்டினார். பின்னட்டையில் வாய்ப்பாடு வைத்தேன். முன்னட்டையில் பெயர், வகுப்பு, பள்ளி என்று மூன்று கோடு. அட்டை நாலு கலர், அதனால் வேலூரில் அடித்து வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கோடுதான் பிரச்சனை. நாலு கோடு நோட்டு என்றால் ஒரு வரிசைக்கு நாலு கோடு, நடுவில் மூன்று இடைவெளி. ஆங்கில எழுத்தில் b மேல் இடைவெளிக்குப் போகும், g கீழ் இடைவெளிக்கு இறங்கும், a நடுவிலேயே உட்காரும். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஐந்து மில்லிமீட்டர் வைத்து, பக்கத்துக்குப் பத்து வரிசை வரைந்தேன். ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை ஜெராக்ஸ் போட்டு மலைக்கு எடுத்துப்போய், இந்த வருஷம் ஒண்ணாவது சேரப்போகிற, லீவுக்கும் வீட்டுக்குப் போகாத விடுதிப் பிள்ளைகளை எழுதவைத்து, அந்தத் தாள்களை அப்படியே கொண்டுவந்தார்.

"சரியா உக்காந்துடுச்சிடா! சிஸ்டர் ரொம்ப குஷி" என்றார். அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. உடனே மிஷினில் மாட்டுகிற தகடான பிளேட்டை வேலூரில் போட்டு வாங்கி, நீல மையில் காகிதம் முழுக்க அடித்து முடித்தோம்.

அடித்த காகிதம் கட்டுக்கட்டாக நின்றுகொண்டிருந்தபோது அக்கா வந்தார். பிள்ளைகள் எழுதிய ஒரு தாளை எடுத்து, அச்சான தாள்மேல் வைத்தார். முதல் கோடு சேர்ந்தது. நாலாவது கோடு சேரவில்லை. பக்கத்தின் பாதிக்கு வருவதற்குள் பிள்ளைகளின் வரிசை ஒரு முழு இடைவெளி கீழே போய்விட்டிருந்தது.

"இன்னாடா இது?"

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். நோட்டின் பக்கம் ஏ-ஃபோர் தாளைவிடச் சின்னது. அன்று பிரிண்ட் எடுக்கும்போது, தாளுக்குத் தகுந்த மாதிரி பெரிதாக்கு என்கிற டிக் விழுந்தே கிடந்தது. அதற்கு முன்னால் யாருடைய ஜாதகத்தையோ பெரிதாக எடுத்ததில் விழுந்த டிக். ஐந்து மில்லிமீட்டர் ஐந்தரைக்கு மேலே போயிருக்கிறது. பிள்ளைகள் எழுதிப் பார்த்தது அந்தப் பெரிய கோட்டில். பிளேட்டில் போனது நான் போட்ட அசல் அளவு. அதாவது, எந்த நெருக்கம் வேண்டாம் என்று வந்தார்களோ அதையே நான் புதிதாக அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

முதலாளி தாடையைச் சொறிந்தார். "அரை மில்லிமீட்டர்மா. புள்ளைங்களுக்கா தெரியப்போவுது?"

நானும் ஆமாம் போட்டேன். மறுபடி அடிப்பது யார்? நான்தான். மே மாத வெயிலில் அந்த மிஷின் அறை அடுப்பு மாதிரி இருக்கும்.

அக்காவுக்கும் களைப்பு. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, வேறு நோட்டும் அவர் எடுக்கவில்லை. ஆனாலும் மேஜையிலிருந்து இரண்டு பென்சிலை எடுத்து எனக்கொன்று, முதலாளிக்கொன்று கொடுத்தார்.

"இடது கையால எழுதுங்க ரெண்டு பேரும். ஒண்ணாங்கிளாஸ் கை எப்படி இருக்கும்னு தெரியும்."

"என்னையுமாம்மா?" என்றார் முதலாளி.

"நீங்கதான அண்ணா தெரியாதுன்னு சொன்னீங்க? எழுதுங்க."

எழுதினோம். அச்சடித்த தாளில் என் g-யின் வால் அடுத்த வரிசையில் போய் இடித்தது. முதலாளியின் b மேல் கோட்டை முட்டிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு பெரிய கோட்டு ஜெராக்ஸில் எழுதினோம். அதுவும் அசிங்கம்தான், ஆனால் எல்லாம் கோட்டுக்குள் அசிங்கமாக இருந்தது.

"உங்க கையெழுத்து இன்னா அண்ணா, பல்லி வாலு மாதிரி கீது?" என்றேன்.

"மூடிக்கினு பிளேட்ட மாத்துடா" என்றார் முதலாளி.

பெரிய கோட்டில் பத்து வரிசை பக்கத்துக்குள் அடங்காது. ஒன்றைக் குறைத்து ஒன்பது போட்டேன். இந்த முறை அளவை மாற்றாமல் பிரிண்ட் எடுத்து, அக்கா பார்க்க ஸ்கேல் வைத்து அளந்து காட்டினேன். வேலூரிலிருந்து பிளேட் வர ஒரு நாள், அடிக்க ஒரு நாள், மடித்து, நடுவில் பின் அடித்து, மூன்று பக்கமும் வெட்ட இரண்டு நாள்.

முதலில் அடித்த காகிதத்தைக் குப்பையில் போட மனசு வரவில்லை. கடைக்கு வருகிற மூணாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு அந்த அளவு போதும் என்றார் அக்கா. வேலூரில் சின்ன எண்ணிக்கைக்கு அடிக்கமாட்டார்கள் என்பதால் கூடுதலாக வந்திருந்த அட்டைகளை அதற்குப் போட்டோம். ஆனால் அட்டையில் பெரிசாக ஒன்று என்று இருக்கிறதே! மூன்று என்று ஸ்டிக்கர் அடித்து, ஒவ்வொன்றாக ஒட்டினோம். என் டிசைனில் அந்த நம்பர் உள்ளங்கை அகலம். அப்போதே சின்னதாகப் போட்டிருக்கலாம். விரல் நுனியெல்லாம் பிசுபிசுவென்று ஆகி, சோற்றைத் தொட்டால் சோறும் ஒட்டியது. அக்கா ஒட்டிக்கொண்டே இருந்தார். அவரைச் சீண்ட ஏதாவது தோன்றும், வாய் வரைக்கும் வரும், பிறகு வேண்டாம் என்று விட்டுவிடுவேன். அவரைச் சீண்டாமல் நான் இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிகிற நேரத்துக்கு ஜீப்பில் மலையேறிப் போனோம். சிஸ்டர் ஒரு நோட்டை எடுத்து, அட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே திறந்து வரிசைகளை எண்ணினார்.

"ஜெராக்ஸ்ல பத்து வரிசை இருந்துச்சே. இதுல ஒன்பதுதான் இருக்கு?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "அந்தத் தாளு நோட்டவிடப் பெருசு சிஸ்டர்" என்றார் அக்கா. "நாங்கதான் தப்பா எடுத்துட்டோம். கோடு அதே அளவுல இருக்கணும்னு ஒரு வரிசைய எடுத்துட்டோம். பத்து வேணும்னா புள்ளைங்களுக்கு மறுபடி நெருக்கமாயிடும்."

சிஸ்டர் ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். அவள் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஒரு g போட்டாள். வால் கடைசிக் கோட்டைத் தொட்டு நின்றது.

"ஒன்பதே இருக்கட்டும்" என்றார் சிஸ்டர். "ஒரு வரிசைக்காகக் குழந்தைய திட்டிக்கினு இருக்க முடியாது. அடுத்த வருஷம் ரெண்டாங்கிளாஸையும் சேத்துப் பாப்போம்."

எல்லா வகுப்பும் என்று அவர் சொல்லவில்லை. அக்கா சரிங்க சிஸ்டர் என்றார். கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினோம். முதல் வளைவு வருவதற்குள் அக்கா கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். குழியில் ஜீப் குலுங்கும்போதெல்லாம் அவர் தலை கம்பியில் இடித்தது. என் துண்டை மடித்து நடுவில் வைத்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.