சோனாவின் வாயில் ஒரு ஜன்னல்

வடகரப்பதிப் பக்கம் யோகப்பிரியாவைத் தெரியாத போன் கிடையாது. ஆளைத் தெரியாமல் இருக்கலாம், அவள் எழுத்து தெரியும். யார் வீட்டில் குழந்தைக்கு மொட்டை போட்டாலும், காது குத்தினாலும், முதல்நாள் பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டே போனாலும் போட்டோ முதலில் அவளுக்குத்தான் வரும். "பிரியாக்கா, இதுக்கு ரெண்டு வரி போட்டுக் குடுங்க, ஸ்டேட்டஸ் வெக்கோணும்" என்பார்கள். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஊருக்கு வந்து சேர்வதற்குள் எழுதி அனுப்பிவிடுவாள்.

எழுதுவது எல்லாம் குழந்தை பேசுகிற மாதிரிதான். பேச்சே வராத கைக்குழந்தைகூட அவள் எழுத்தில் வக்கீல் மாதிரி வாதாடும். அதற்கு ஒரு பக்குவம் வைத்திருந்தாள். முதலில் குழந்தை தன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ள வேண்டும். அடுத்து யார் மேலாவது பழி போட வேண்டும். கடைசியில் எதையாவது அதிகாரமாகக் கேட்க வேண்டும். இதில் பழி போடுகிற இடத்தில்தான் சிரிப்பு வரும். அங்கே சொந்தத்தில் ஒரு ஆள் மாட்டாவிட்டால் சப்பென்று போய்விடும். அவள் மகள் சோனாவின் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் மாட்டியது புருஷன் சிவப்பிரகாஷ். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் காட்டுவான். கோபமே வராத ஜன்மம்.

ஆறு வயது சோனாவுக்குக் கீழ்வரிசை முன்பல் ஆட ஆரம்பித்தது. அதை முதலில் கண்டுபிடித்தது யோகப்பிரியா இல்லை. அடுத்த வீட்டில் இருக்கிற சின்னத்தாயி, சிவப்பிரகாஷின் அண்ணி. பிள்ளை குட்டி இல்லாத பொம்பளை. பள்ளிக்கூட வேன் சோனாவைக் கொண்டுவந்து இறக்குவது அவள் வாசலில்தான். அம்மா கஞ்சிக்கோட்டிலிருந்து வரும்வரை பாலும் பலகாரமும் வீட்டுப்பாடமும் எல்லாம் அங்கேதான். சின்னத்தாயி சுடுகிற முறுக்குக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் தனிப் பேர். சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் அவள் முறுக்குத் தூக்கு வராமல் சீர் தட்டு நிறையாது.

பல் ஆடத் தொடங்கியதுமே அவள் சோனாவுக்கு முறுக்கை நிறுத்திவிட்டாள். பழத்தைப் பிசைந்து கொடுத்தாள், இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள். சோனா விரலை வைத்து ஆட்டினால், "கையெடு சாமி, அது தானா வரோணும். அடியில புதுப்பல்லு முட்டி முட்டி இதும்பட வேரக் கரைச்சிட்டு இருக்குது. நேரம் வந்தா நாக்குல தட்டுனாலே உழுந்துரும்" என்பாள்.

அப்படியேதான் விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பழம் தின்றுகொண்டிருந்தவள் நாக்கால் முன்னுக்குத் தள்ள, பல் ஒரு பக்கத் தோலில் தொங்கியது. சின்னத்தாயி உள்ளங்கையை நீட்டினாள். இன்னொரு தள்ளு. கையில் வந்து விழுந்தது. வேர் கரைந்துபோய், மேல்மூடி மட்டும் அரிசிக் குருணை மாதிரி இருந்தது. அழுகை இல்லை. ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். சுத்தமான துணியை மடித்துப் பல் போன இடத்தில் வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னாள். ரத்தம் நின்றதும் பல்லைச் சாணி உருண்டைக்குள் பொதித்து, பிள்ளை கையில் கொடுத்து ஓட்டுக்கூரை மேல் எறியச் சொன்னாள். விழுந்த பல் வானத்தைப் பார்த்தால் புதுப்பல் முளைக்காது என்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. கையில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே எறிந்துவிட வேண்டும்.

யோகப்பிரியா பஸ் இறங்கி வந்தபோது பல் கூரை மேல் இருந்தது.

"அம்மா! பல்லு உழுந்துருச்சு! பெரியம்மா கையில உழுந்துச்சு!" என்று சோனா வாயைக் காட்டினாள். சிவப்பாகச் சின்னப் பள்ளம்.

"ஒரு அரை மணி நேரம் வெச்சிருந்திருக்கலாமுங்கக்கா" என்றாள் யோகப்பிரியா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அது வெக்கக் கூடாதே அம்முணி" என்றாள் சின்னத்தாயி. அவள் ஒன்றையும் கவனிக்கவில்லை.

பெற்றவளுக்கு வயிறு எரிந்தது. முதல் பல் முளைத்தபோது அதைக் கரண்டியால் தட்டிப் பார்த்தவள் அவள். விழுந்ததைக் கண்ணால்கூடப் பார்க்க முடியவில்லை. முதல் அடி வைத்ததும் அண்ணி வீட்டில், முதல் பல் போனதும் அண்ணி கையில். யார்மேல் கோபப்படுவது? வீட்டுக்கு வந்து, பிள்ளையைச் சிரிக்கச் சொல்லி, ஓட்டை தெரிய ஒரு போட்டோ எடுத்தாள்.

முதலில் பல்லுக்கு விடைகொடுக்கிற மாதிரி எழுதிப் பார்த்தாள். அழுமூஞ்சியாக இருந்தது, அழித்தாள். அப்பா மேல் பழி போட்டுப் பார்த்தாள். இதைத்தானே போன தடவையும் எழுதினோம் என்று அதையும் அழித்தாள். மூன்றாவதாக விரல் தானாக ஓடியது:

"நான்தான் சோனா. இன்று முதல் என் வாயில் ஒரு ஜன்னல் திறக்கப்பட்டுள்ளது. காற்று வாங்க விரும்புகிறவர்கள் வரலாம். குற்றவாளி: பெரியம்மா சுட்ட முறுக்கு. ஒரே கடி, பல் அவுட்! பெரியம்மா, அடுத்த தடவை முறுக்கோடு ஒரு சுத்தியலும் கொடுத்துவிடவும். இனிமேல் எனக்கு ஐஸ்கிரீம் மட்டும் போதும். கடை சாவியோடு வரவும்."

பீற்றல், பழி, அதிகாரம், மூன்றும் அளவாக விழுந்திருந்தன. தன் எழுத்தைத் தானே படித்துச் சிரித்தாள். ஸ்டேட்டஸில் வைத்தாள், சொந்தக்காரர்கள் குழுவிலும் போட்டாள்.

அடேயப்பா, அப்படி ஒரு சிரிப்பு! கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து குவிந்தன. மாமன் மகன் பூபதிராஜா இருக்கிறானே, வாயை மூடத் தெரியாதவன், "வர்ற வாரம் எங்க வளைகாப்புக்கு முறுக்கு வேண்டாம், பல்லு வேணும்" என்று போட்டான். இன்னொருத்தர் சுத்தியல் படம் போட்டார். ஸ்டேட்டஸ் ஒரு நாளில் மறைந்தது. குழுவில் போட்டது மறையவில்லை. அதை எடுத்து எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள்.

சின்னத்தாயி அந்தக் குழுவில் இருந்தாள். படித்தாள்.

திங்கட்கிழமை வேனில் பெரிய பிள்ளைகள் சோனாவைப் பிடித்துக்கொண்டார்கள். "சுத்தியல் வந்துருச்சா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அவள் ஒன்றும் புரியாமல் சாயங்காலம் அம்மாவிடம் வந்து நின்றாள்.

"அம்மா, பெரியம்மா முறுக்குல பல்லு உடைஞ்சுதுன்னு நான் சொன்னனாமா. எப்பம்மா சொன்னேன்? தூக்கத்துல சொன்னனா?"

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வரி. ஊருக்கெல்லாம் வரி எழுதிக் கொடுக்கிறவளுக்கு அந்த ஒரு வரி வரவில்லை. பிள்ளை முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "ஆமா தங்கம், சும்மா வெளையாட்டாச் சொன்னே" என்று சொல்லிவிட்டாள்.

பிள்ளை நம்பியது. அம்மா சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு. யோகப்பிரியாவே வேனிலிருந்து பிள்ளையை இறக்கி அண்ணி வீட்டுக்குள் கூட்டிப் போனாள். எப்போதும் வாசலுக்கு வந்து பையை வாங்குகிற சின்னத்தாயி அன்றைக்கு உள்ளே இருந்தாள். முறுக்கு உரல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பூபதிராஜா வீட்டு வளைகாப்புக்கு அரிசி ஊறவைக்க வேண்டிய நாள் அது.

"முறுக்குச் சுடலீங்களாக்கா?"

"வேண்டாமுன்னுட்டாங்க அம்முணி. கேலிக்குத்தான் சொன்னாங்களோ என்னமோ. எனக்குத்தான் மாவுல கை வெக்க மனசு வல்லே."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் யோகப்பிரியா பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசித் தப்பித்திருப்பாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சோனா பெரியம்மாவின் முன்னால் போய் நின்று, பள்ளிக்கூடத்தில் டீச்சர் முன்னால் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டது.

"மன்னிச்சுக்கோங்க பெரியம்மா. இனிமே உங்கள அப்பிடிச் சொல்ல மாட்டேன். தெரியாமச் சொல்லிட்டேன்."

செய்யாத தப்புக்கு அந்தச் சின்ன வாய் மன்னிப்புக் கேட்டது, ஓட்டைப் பல் தெரிய. யோகப்பிரியாவுக்குக் காது மடல் வரை சுட்டது. இடுப்பில் சொருகியிருந்த போன் கங்கு மாதிரி இருந்தது. சின்னத்தாயி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். யோகப்பிரியாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சீ, நானெல்லாம் ஒரு அம்மாவா என்று யோகப்பிரியாவுக்குத் தோன்றியது. பிள்ளையை அங்கேயே விட்டு, தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்ததும் குழுவில் எழுதிவிடலாம் என்று போனை எடுத்தாள். "நான்" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் ஓடவில்லை. அவள் இதுவரை எழுதிய "நான்" எல்லாம் யாரோ ஒரு குழந்தை. தன் வாயால் ஒன்று சொல்ல வேண்டி வந்தபோது கட்டைவிரல் மரத்துப்போனது. "நான் விளையாட்டுக்கு" என்று எழுதி அழித்தாள். விளையாட்டுக்கு இல்லை என்று அவளுக்கே தெரியும். போனைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டுத் திரும்பவும் அண்ணி வீட்டுக்கு நடந்தாள்.

சோனா பின்பக்கம் கோழிக்குஞ்சுகளோடு இருந்தது. சின்னத்தாயி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தானுங்கக்கா எழுதுனேன்" என்றாள் யோகப்பிரியா. நின்றபடியே கொட்டினாள். "புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. பல்லு உங்க கையில உழுந்துச்சுன்னதும் எனக்குப் பொறுக்கலீங்க. நீங்க முறுக்கே குடுக்கலைன்னு தெரிஞ்சேதான் எழுதுனேன்."

சின்னத்தாயி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீதான்னு படிச்ச அன்னிக்கே தெரியும் அம்முணி. ஊட்டுப்பாடம் சொல்லித் தர்றவ நான், சுத்தியல்னு எழுத்துக்கூட்டக்கூட அந்தப் புள்ளைக்கு வராதுன்னு எனக்குத் தெரியாதா? எங்கிட்டச் சொல்லி என்ன பண்றது? இப்பக்கூட எம்பட மொகத்தப் பாக்காமயே பலகாரந் தின்னுட்டுப் போச்சு அந்தப் புள்ளை. தப்பு பண்ணுன மாதிரி ஒடுங்கிக் கெடக்குது. அதுகிட்டப் போய்ச் சொல்லு."

யோகப்பிரியா பின்பக்கம் போனாள். மண்ணிலேயே முட்டி போட்டு மகள் எதிரில் உட்கார்ந்தாள்.

"சோனா, அந்த முறுக்குக் கதைய நீ சொல்லவே இல்ல கண்ணு. அம்மாதான் எழுதுனேன். நீ கேட்டப்ப அம்மா பொய் சொல்லிட்டேன்."

பிள்ளை அழும், இல்லை கோபித்துக்கொள்ளும் என்று நினைத்தாள். சோனா கோழிக்குஞ்சைக் கையில் பிடித்தபடியே கேட்டது.

"தூக்கத்துலயும் சொல்லலியா?"

"இல்ல சாமி."

"நெசமாவா?"

"நெசமா."

அந்த முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே! கோழிக்குஞ்சை விட்டுவிட்டு, அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வீட்டைச் சுற்றி முன்வாசல் வழியாக ஓடியது. தெருவில் தண்ணீர் பிடிக்கிறவர்கள், திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டே ஓடியது.

"பெரியம்மா! பெரியம்மா! நான் சொல்லலையாமா! எங்கம்மாதான் பொய் சொன்னாங்களாமா!"

தெரு முழுக்கக் கேட்டது. யோகப்பிரியா தடுக்கவில்லை. புடவையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் எழுந்து, எல்லாரும் பார்க்க, பிள்ளை போன வழியிலேயே முன்வாசலுக்கு நடந்தாள்.