கம்பிக் கதவுக்கு ஒரு அனுமதி

மண்ணூர்பேட்டையில் அந்த மூன்று மாடிக் குடியிருப்பு எழும்பிய வருடமே புஷ்பாவும் அவள் கணவன் கஜபதியும் இரண்டாம் மாடியில் குடிவந்தார்கள். ஆவடி ஃபாக்டரியில் அவனுக்கு வேலை. குவார்ட்டர்ஸை விட்டு, கடன் வாங்கி சொந்த வீடு வந்தபோது புஷ்பா செய்த முதல் காரியம், கூடத்து ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டதுதான். ஜாக்கெட் தைக்க அவளை விட்டால் அந்தத் தெருவில் வேறு ஆள் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை யாராவது மணியடிப்பார்கள். அவள் சிரித்தபடி கதவைத் திறப்பாள்.

அந்தச் சிரிப்பை ஒரே ஒரு மத்தியானம் பறித்துக்கொண்டு போய்விட்டது.

"வொய்ஃப் அளவு ஜாக்கெட் குடுத்தனுப்பிச்சாங்க" என்று துணிப்பையை நீட்டினான் ஒருவன். அவள் வாங்கக் கை நீட்டினாள். மறுகணம் அவன் கால் கதவிடுக்கில், அவன் கை அவள் தாலிச் சரட்டில்! கீழே யாரோ சைக்கிளைத் தூக்கிக்கொண்டு படியேறும் சத்தம் கேட்டிராவிட்டால்... அவன் ஓடிவிட்டான். சரடு அறுபடவில்லை. கழுத்தில் சிவந்த கோடு மட்டும் மிஞ்சியது.

அன்றிலிருந்து அவள் தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். பெயர் சொல்லிக் கூப்பிடும் தெரிந்த குரல் கேட்டால்தான் கதவு திறக்கும். புது வாடிக்கை நின்றது. பழைய வாடிக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மெஷின் மேல் துணி மூடியபடியே கிடந்தது.

"இப்படியே போனா நான் பைத்தியமாயிடுவேங்க" என்று அவள் அழுதபோதுதான் கஜபதி குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குக் கடிதம் எழுதினான். வாசல் மரக்கதவுக்கு வெளியே இரும்பு கிரில் கதவு போட அனுமதி வேண்டும், செலவு முழுவதும் தன்னுடையது, பொதுச்சுவருக்குச் சேதம் வந்தால் தானே சரிசெய்து தருவேன், நிறம் சங்கம் சொல்கிறபடி. வெல்டிங் கடைக்காரர் போட்டுக் கொடுத்த படத்தையும் இணைத்தான்.

செயலாளர் பரந்தாமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"கதவு வெளிப்பக்கமா தொறக்குதே, கஜபதி? அது பொது நடை. நானா சரின்னு சொல்ல முடியாது. கமிட்டியில வெக்கிறேன். எதிர் வீட்டுக்காரங்களுக்கு ஆட்சேபணை இருக்கக் கூடாது."

எதிர் வீடு சொர்ணத்தின் வீடு. அந்த மண்ணிலேயே பிறந்தவள். குடியிருப்பு நிற்கும் இடம் ஒரு காலத்தில் அவள் மாமனாரின் கத்தரித் தோட்டம். இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு கட்டில் போடக்கூட இடம் காணாது. அந்தச் சின்ன இடத்தில்தான் இருவரும் உட்கார்ந்து பூ கட்டுவார்கள், கதை பேசுவார்கள். அக்கா நிச்சயம் சரியென்பாள் என்று புஷ்பா நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ரூம் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். பரந்தாமன் கடிதத்தைப் படித்து முடித்ததும் சொர்ணம் எழுந்தாள்.

"எனக்கு ஒப்புதல் இல்ல சார்."

புஷ்பா சட்டென்று திரும்பினாள். "அக்கா... நீங்களா?"

"கோச்சுக்காத புஷ்பா. எங்க மாமியா செத்தப்போ நாற்காலியில உக்கார வெச்சு கட்டித்தான் எறக்கினோம். நம்ம வாசலாண்ட அந்தப் படித் திருப்பத்துல எவ்ளோ திண்டாட்டம்னு நீயே பாத்த. இன்னும் ஒரு கதவு வெளிய வந்து நின்னா, நாளைக்கு என்னை எப்டி எறக்குவாங்கோ?"

"அதுக்கு இப்பவே இன்னா அவசரம், சொர்ணம்?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

புஷ்பா சிரிக்கவில்லை. "என் கழுத்துல கை வெச்சான் அக்கா. அது உங்களுக்குப் பெருசாப் படலையா?"

சொர்ணம் உட்கார்ந்துவிட்டாள். கடிதம் ஒத்திவைக்கப்பட்டது. அதன் பின் இரண்டு வாசலும் பேசிக்கொள்ளவில்லை. பூக்கூடை சொர்ணத்தின் வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் புஷ்பாவின் கதவை யாரோ தட்டினார்கள்.

அவள் அசையாமல் நின்றாள். பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. மறுபடியும் தட்டல், இம்முறை மெதுவாக. கதவருகே போய், வெளியே பார்க்கப் பதித்திருந்த லென்ஸில் கண்ணை வைத்தாள். வாசல் வெறுமையாக இருந்தது. ஆள் இல்லை, ஆனால் தட்டுகிறது! பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறானோ? தாலிச் சரடைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டாள். மூச்சுவிடும் சத்தம்கூட வெளியே கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது கேட்டது அந்த ஓசை. கதவின் கீழ்ப்பகுதியில் ஏதோ உரசிக்கொண்டு இறங்கியது. சலங்... சலங்... கண்ணாடி வளையல்கள்.

திருடன் கண்ணாடி வளையல் போடுவானா!

தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்தாள். லென்ஸுக்குக் கீழே, அவள் வாசற்படியில், சொர்ணம் சுருண்டு கிடந்தாள். ஒரு கை நெஞ்சில். முகம் வெளிறி வியர்வையில் குளித்திருந்தது. உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

"ஐயோ, அக்கா! யாராவது வாங்களேன்!"

பரந்தாமன் ஓடிவந்தார். கீழே வேப்பமரத்தடியில் இஸ்திரி போடும் துலுக்கானம் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு மேலே வந்தான். சொர்ணத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் புடவையால் கட்டினார்கள். படித் திருப்பத்தில் நாற்காலி மாட்டிக்கொண்டது. "இப்டி சாய்ங்க நைனா, காலு இடிக்கிது பாரு!" என்று துலுக்கானம் கத்தினான். புஷ்பா தன் கதவோடு கதவாக ஒட்டி நின்றாள். நாற்காலி அவள் வயிற்றை உரசிக்கொண்டு திரும்பியது. கூட்டத்தில் சொர்ணம் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் சொர்ணம் கண் விழித்ததும் புஷ்பா அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் உள்ளதான் இருந்தேன். பயத்துல தொறக்கல."

"தெரியும். உன் கொலுசு சத்தம் கதவாண்ட வந்து நின்னுச்சே." சொர்ணத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கூப்டணும்னு பாத்தேன். மூச்சே வரல."

புஷ்பா குலுங்கி அழுதாள். சொர்ணம் அவள் தலையைத் தொட்டாள்.

"அழுவாத. படுத்துகினே யோசிச்சேன். கம்பிக் கதவு இருந்திருந்தா நீ மரக்கதவத் தெகிரியமா தொறந்திருப்ப. என்னைப் பாத்திருப்ப. நான் அதைப் பூட்டுற சாமான்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

"ஆனா நீங்க சொன்னதும் நெசம் அக்கா. வெளிய தொறக்குற கதவு இருந்திருந்தா நாற்காலி திரும்பியிருக்காது."

"நகைக்கடையில ரெண்டு பக்கமும் இழுத்து மடக்குவாங்களே, அந்த மாரி போடேன். செவுத்துக்குள்ளயே மடங்கி நிக்கும்."

அடுத்த கமிட்டியில் கஜபதி புதுப் படத்துடன் மறுகடிதம் கொடுத்தான். சொர்ணம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, "எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா ஒரு கண்டிசன்" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தப் பூட்டுக்கு ரெண்டாவது சாவி எங்க ஊட்ல இருக்கணும். நாளைக்கு உள்ள இவளுக்கு ஒண்ணுன்னா, வெளிய நின்னுகினு நான் கதவத் தட்டித் தட்டி வளையல ஒடைச்சிகினு நிக்க முடியாது."

பரந்தாமன் அனுமதிக் கடிதம் எழுதினார். கதவு நிலைக்கும் சுவர் விளிம்புக்கும் இடையிலேயே மடங்க வேண்டும், நடையில் ஒரு விரல்கூட நீளக் கூடாது, தூணில் துளை போடக் கூடாது, சாம்பல் நிறப் பெயிண்ட். சாவி விஷயத்தை மட்டும் அவர் எழுதவில்லை.

"அது உங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்மா" என்றார்.

பெயிண்ட் வாசனை போகாத முதல் நாள், மத்தியான நேரம். கதவு தட்டப்பட்டது. பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. புஷ்பாவின் கை பழக்கத்தில் தாலிச் சரட்டுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. அவள் மரக்கதவை முழுசாகத் திறந்தாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் சொர்ணம், இடுப்பில் பூக்கூடையோடு.

"வாயத் தொறந்து கூப்பிடக் கூடாதா அக்கா? உயிரே போயிடுச்சு!"

"தொறக்கிறியான்னு பாத்தேன்" என்றாள் சொர்ணம்.

புஷ்பா பூட்டைத் திறந்தாள். கடகடவென்று கம்பிக் கதவை இழுத்து மடக்கினாள். ஜன்னலோரம் மெஷின் மேல் மூடியிருந்த துணியை அன்று சாயங்காலமே எடுத்து மடித்து வைத்தாள்.